முதலில் எண்ணுவதா, படி பார்ப்பதா, அடுக்குவதா?

தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடி வராண்டாவில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம், ஏழும் எட்டும் அக்காவிடம். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்; தெருவே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். எங்கள் இருவருக்கும் நடுவே ரொம்ப நாளாக ஒரு வழக்கு ஓடுகிறது. பல்லுறுப்புக் கோவையை வகைப்படுத்தச் சொல்லும்போது பிள்ளைகள் முதலில் எதைச் செய்ய வேண்டும்? உறுப்புகளை எண்ண வேண்டுமா, படியைப் பார்க்க வேண்டுமா, இல்லை திட்ட வடிவில் எழுதிவிட்டு அப்புறம் இரண்டையும் பார்க்க வேண்டுமா?

வழக்கு சூடு பிடித்தது இந்தக் கணக்கில்தான்:

5x + 3x² − 7 + 2x³ − x² + 4 − 2x³ + x

படி என்ன, எத்தனை உறுப்பு, திட்ட வடிவம் என்ன என்று கேட்டிருந்தேன். ஒரு பையன் "முப்படி, எட்டு உறுப்பு" என்றான். இன்னொருவன் "முப்படி, மூவுறுப்பு" என்றான். கடைசி வரிசையில் இருந்த பெண் "இருபடி, மூவுறுப்பு" என்று எழுதியிருந்தாள். அவள் எழுதியதுதான் சரி. ஆனால் மூன்று பேரிடமும் வரையறை கேட்டால் மூவருமே பிசகாமல் ஒப்பிப்பார்கள். படி என்றால் மிகப் பெரிய அடுக்கு, உறுப்பு என்றால் கூட்டல் கழித்தல் குறிகளால் பிரிந்து நிற்பது. ஒரே வரையறையை வைத்துக்கொண்டு மூன்று விடைக்குப் போயிருக்கிறார்கள் என்றால், பிசகு வரையறையில் இல்லை, எதை முதலில் செய்தார்கள் என்பதில் இருக்கிறது.

ஒவ்வொரு வழியாகப் பார்க்கும் முன்பு, தமிழில் படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். நம் பெயர்கள் எல்லாம் தன்னைத்தானே விளக்கிக்கொள்கிற பெயர்கள். ஓருறுப்பு, ஈருறுப்பு, மூவுறுப்பு என்றால் மனப்பாடம் தேவையே இல்லை. ஒருபடி, இருபடி, முப்படி என்பதும் அப்படியே. ஆங்கில வழியில் படிக்கிறவர்கள் மானோமியல், பைனாமியல், குவாட்ராட்டிக், கியூபிக் என்று தனித்தனியாக நெட்டுரு போட வேண்டும். ஆனால் அவர்களுக்கு ஒரு லாபம் உண்டு: பைனாமியலையும் குவாட்ராட்டிக்கையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள், ஓசையே வேறு. நம் பிள்ளைகளோ இருபடியையும் ஈருறுப்பையும் சர்வசாதாரணமாக மாற்றி எழுதுகிறார்கள். இரண்டிலும் "இரண்டு" உட்கார்ந்திருக்கிறது. x² + 5x + 6-ஐ "மூன்று இருக்கு, அதனால முப்படி" என்று எழுதிய விடைத்தாளை நான் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன்.

இதற்கு அக்கா சொல்கிற மருந்து நல்ல மருந்து. கோவை என்ற சொல்லே கோப்பதிலிருந்து வந்தது. கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர் மல்லியும் மரிக்கொழுந்தும் மாற்றி மாற்றி வைத்துக் கட்டுகிறார் இல்லையா, அந்தச் சரத்தில் எத்தனை பூ என்று எண்ணுவது உறுப்பு. படி என்பது மாடிப்படி. இந்தக் கோவை எத்தனையாவது படி வரைக்கும் ஏறியிருக்கிறது என்பது வேறு கேள்வி. ஒற்றைப் பூ நூறாவது படியில் இருக்கலாம்: x¹⁰⁰ ஓருறுப்புதான், படி 100. எண்ணிக்கையும் உயரமும் வேறு வேறு என்று இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது.

சரி, இனி வழிகள்.

முதலில் எண்ணுவது

இது அக்காவின் வழி. ஏழாம் வகுப்புக்கு இதுதான் பொருந்தும் என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. 4x + 7, 3a² − 2a + 1 மாதிரி ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோவைகள்தான் அங்கே வரும். எண்ணினால் உடனே விடை கிடைக்கும், பிள்ளைக்கு ஒரு தைரியம் வரும்.

ஒத்த உறுப்புகள் சிதறிக் கிடக்கும்போது இந்த வழி வழுக்கிவிடுகிறது. மேலே இருக்கிற கணக்கில் 3x², −x² இரண்டும் தனித்தனியாக எண்ணப்படும். எட்டு என்று எண்ணியவன் தப்பாக எண்ணவில்லை, எண்ணக் கூடாத நேரத்தில் எண்ணிவிட்டான். எத்தனை உறுப்பு என்று பெயர் வைப்பது ஒத்தவற்றைச் சேர்த்த பிறகுதான்.

ஆனாலும் அந்த எட்டு என்ற எண்ணை நான் தூக்கி எறிவதில்லை. அதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஒரே மாறியில் அமைந்த முப்படிக் கோவையில் அதிகபட்சம் எத்தனை உறுப்பு வர முடியும்? x³-க்கு ஒன்று, x²-க்கு ஒன்று, x-க்கு ஒன்று, மாறிலிக்கு ஒன்று. ஆக நான்கு. படி எவ்வளவோ, அதைவிட ஒன்று கூடுதல். அதற்கு மேல் இடமே கிடையாது. எட்டு உறுப்பு, முப்படி என்று எழுதிய பையன் இந்த ஒரு வரியை வைத்துப் பார்த்திருந்தால் தன் விடை நடக்கவே முடியாதது என்று அவனே கண்டுபிடித்திருப்பான். இருபடி என்று எழுதிவிட்டு நான்கு உறுப்பு என்று எழுதினாலும் இதே கதைதான்: ஏதோ இரண்டு ஒத்த உறுப்பு இன்னும் சேராமல் நிற்கிறது.

முதலில் படி பார்ப்பது

வேகத்துக்கு இதுதான். ஒரு மதிப்பெண் கேள்வியில் x⁴ − 3x² + 2 என்று தெளிவாக இருந்தால் கண்ணை ஓட்டி 4 என்று எழுதிவிடலாம், வேறு எதுவும் செய்யத் தேவையில்லை.

ஆனால் கண் எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. 2⁵x² − 3x என்று கொடுத்தால் பாதிப் பேர் படி 5 என்கிறார்கள். 2⁵ வெறும் 32, கெழுவோடு சேர்ந்தது; அடுக்கைப் பார்க்க வேண்டியது மாறியின் தலையில் மட்டும். இரண்டாவது பையன் விழுந்த குழி வேறு. அவன் 2x³-ஐப் பார்த்தான், முப்படி என்று எழுதிவிட்டான், அதன் பிறகுதான் சுருக்கினான். சுருக்கும்போது 2x³ − 2x³ அடிபட்டுப் போனதும் அவனுக்குத் தெரியும், அதனால்தான் மூவுறுப்பு என்று சரியாகச் சொன்னான். ஆனால் முன்னால் எழுதிய முப்படியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடைப்புக்குள் போட்ட விடையைத் திரும்பப் போய் அடிக்கிற பழக்கம் பிள்ளைகளுக்குக் கிடையாது.

அடைப்புக்குறி இல்லாத கோவையில், கண்ணுக்குத் தெரிகிற படி ஒரு மேல்வரம்பு: உண்மையான படி அதுவாக இருக்கும், இல்லாவிட்டால் அதைவிடக் குறையும். அடைப்புக்குறி வந்துவிட்டால் இதுவும் நிற்காது. (x² + 1)(x³ − 2)-இல் கண்ணுக்குத் தெரிவது 3. பெருக்கினால் x²-ம் x³-ம் சேர்ந்து x⁵ ஆகிவிடும். அதனால் படி பார்ப்பதை முதல் வேலையாக அல்ல, ஒரு குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

முதலில் திட்ட வடிவம்

என் வழி இதுதான், கடைசி வரிசைப் பெண் செய்ததும் இதுதான். அடைப்புக்குறியைப் பிரி, ஒத்த உறுப்புகளைச் சேர், அடுக்கு இறங்குகிற வரிசையில் எழுது. அதன் பிறகு படியைத் தேட வேண்டாம், முதல் உறுப்பிலேயே அது நிற்கும். உறுப்பை எண்ணுவதற்கும் ஒரு பார்வை போதும்.

இதில் செலவாவது நேரம். எளிய கோவைக்கும் இரண்டு வரி கூடுதலாக எழுத வேண்டும். "ஒண்ணே ஒண்ணு கேட்டா ஒரு பக்கம் எழுதுறான் உன் பையன்" என்று அக்கா குறை சொல்வார். குறை நியாயமானதுதான். ஆனால் இந்த வழியில் விடை தவறினால் அது சுருக்குவதில் வந்த தவறாக மட்டுமே இருக்கும், திருத்துவது சுலபம். முதல் இரண்டு வழிகளில் எங்கே தவறினான் என்று நானே தேட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் சுருக்குவதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இதிலும் மூன்று விதம் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, வரியிலேயே தேடுவது. பெரிய அடுக்கைத் தேடி, சேர்த்து எழுதி, எழுதியதை அடித்துக்கொண்டே போவது. கை பழகியவர்களுக்கு இது போதும். புதியவர்கள் ஏதாவது ஒன்றைக் கட்டாயம் விட்டுவிடுவார்கள், பெரும்பாலும் கடைசியில் தனியாக நிற்கிற x-ஐ.

இரண்டாவது, அடையாளம் போடுவது. பென்சிலால் x³ உறுப்புகளுக்குக் கீழே இரட்டைக் கோடு, x² உறுப்புகளுக்கு வட்டம், x-க்குச் சதுரம், மாறிலிக்கு ஒற்றைக் கோடு. நிபந்தனை ஒன்றே ஒன்று: முன்னால் நிற்கிற குறியும் அந்த வட்டத்துக்குள் வர வேண்டும்.

இந்த நிபந்தனைதான் எல்லாம். வரிசை மாற்றும்போது நடக்கிற தவறுகளில் முக்கால்வாசி குறியில்தான். 7 − 4x + x² என்பதை இறங்குவரிசையில் எழுதச் சொன்னால் x² − 7 + 4x என்றோ x² + 4x − 7 என்றோ வரும். பையன் உறுப்புகளை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறான், குறிகள் அவற்றோடு போவதில்லை. கழித்தல் குறி இடத்துக்குச் சொந்தமில்லை, பக்கத்தில் நிற்கிற 4x-க்குச் சொந்தம். அதனால் ஆரம்பத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்கிறேன்: 7 + (−4x) + x². இப்போது எல்லாம் கூட்டல், எதை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். நகர்த்தினால் x² + (−4x) + 7, அதாவது x² − 4x + 7. பத்து நாள் இப்படி எழுதிவிட்டால் அந்த வரி தானாக உதிர்ந்துவிடும்.

மூன்றாவது, பெட்டி போடுவது. கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, கெழுவை மட்டும் எழுதுவது. நம் கணக்கு இப்படி வரும்:

| x³ | x² | x | மாறிலி |
|---|---|---|---|
| 2 | 3 | 5 | −7 |
| −2 | −1 | 1 | 4 |
| 0 | 2 | 6 | −3 |

கடைசி வரியைப் பாருங்கள். இடது பக்கத்திலிருந்து பூச்சியம் இல்லாத முதல் பெட்டி எதுவோ, அதுதான் படி: இங்கே x² பெட்டி, ஆக இருபடி. பூச்சியம் இல்லாத பெட்டிகள் எத்தனையோ, அத்தனை உறுப்பு: மூன்று. திட்ட வடிவம் 2x² + 6x − 3. ஒரே வரியிலிருந்து மூன்று விடையும் கிடைத்துவிடுகிறது. நூறு, பத்து, ஒன்று என்று இடமதிப்பு எழுதிப் பழகிய கைக்கு இது புதிதும் இல்லை. ஒரே வித்தியாசம், இங்கே பெட்டிக்குள் கழித்தல் எண்ணும் வரலாம், மிச்சத்தைப் பக்கத்துப் பெட்டிக்குக் கொண்டுபோகவும் முடியாது.

பெட்டியிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. வெறும் x என்று நிற்கிற உறுப்பின் கெழு 1. எண் எதுவும் தெரியவில்லையே என்று பூச்சியம் போட்டுவிடுவார்கள். இன்னொன்று, 0 இருக்கிற பெட்டியையும் எண்ணுவது. "நாலு பெட்டி இருக்கு, அதனால நாலு உறுப்பு, முதல் பெட்டி x³, அதனால முப்படி" என்று ஒரு பையன் வாதாடினான். 0x³ என்று எழுதுவதில் தப்பில்லை, அது மதிப்பில் ஒன்றுமே இல்லை, அதனால் எண்ணிக்கையிலும் உயரத்திலும் அதற்கு இடமில்லை. ஆனால் பெட்டியில் அந்த 0-ஐ அழிக்கவும் கூடாது. x³ − 1 என்ற ஈருறுப்புக் கோவையைப் பின்னால் தொகுமுறை வகுத்தலில் போடும்போது 1, 0, 0, −1 என்றுதான் எழுத வேண்டும். 1, −1 என்று எழுதினால் அது x − 1 ஆகிவிடும்.

அடையாளமா பெட்டியா என்று கேட்டால், முதல் வாரம் அடையாளம் என்பேன், குறியைக் கூட்டிக்கொண்டு போகிற பழக்கம் அதில்தான் வருகிறது. அப்புறம் பெட்டிக்கு மாறிவிட வேண்டும். வரியிலேயே தேடுகிற வழியை நான் கற்றுக்கொடுப்பதே இல்லை. தேவைப்படும்போது அது தானாக வந்துவிடுகிறது.

விடை சரிதானா என்று பார்க்க நான் சொல்கிற வழி, x-க்கு ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பது. x = 1 என்றால் கெழுக்களை மட்டும் கூட்டினால் போதும். கொடுத்த கோவையில் 5 + 3 − 7 + 2 − 1 + 4 − 2 + 1 = 5. சுருக்கியதில் 2 + 6 − 3 = 5. ஒத்துவருகிறது. ஆனால் 1-ஐ மட்டும் நம்ப முடியாது. 6-ஐ x² பெட்டியிலும் 2-ஐ x பெட்டியிலும் மாற்றிப் போட்டிருந்தாலும் 5-தான் வரும். அதனால் x = 2-ம் போடுங்கள். கொடுத்ததில் 10 + 12 − 7 + 16 − 4 + 4 − 16 + 2 = 17, சுருக்கியதில் 8 + 12 − 3 = 17. இரண்டு இடத்திலும் ஒத்துவந்தால் இந்த அளவுக் கணக்குக்கு நிம்மதியாக அடுத்ததற்குப் போகலாம்.

இந்த மூன்றாவது வழியின் அருமை அடைப்புக்குறிக் கணக்குகளில்தான் முழுதாகத் தெரியும். எங்கள் தெருவுக்குத் தெப்பக்குளத்தைவிட நல்ல படம் எது? நடுவில் மைய மண்டபம், சுற்றித் தண்ணீர். உண்மையான அளவை விட்டுவிடுங்கள், கணக்குக்காக ஒரு குட்டித் தெப்பக்குளம் வரைவோம். மண்டபம் இருக்கிற மேடை x மீட்டர் பக்கமுள்ள சதுரம். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 மீட்டர் அகலத்துக்குத் தண்ணீர். அப்படியானால் வெளிச் சதுரத்தின் பக்கம் x + 6. தண்ணீரின் பரப்பு:

(x + 6)² − x²

முதலில் படி பார்க்கிறவர் தயங்காமல் இருபடி என்பார். பரப்பு, அதுவும் இரண்டு வர்க்கம் கண்ணெதிரே இருக்கிறது. எண்ணுகிறவர் "இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஈருறுப்பு" என்பார். பிரித்தால் x² + 12x + 36 − x², அதாவது 12x + 36. ஒருபடி, ஈருறுப்பு. எண்ணியவரின் விடை சரியாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் தற்செயலாக. இந்த மாதிரித் தற்செயல்தான் எனக்குப் பயம், பிள்ளை அந்த வழியையே பிடித்துக்கொள்வான்.

இது ஏன் ஒருபடி என்று படத்திலேயே பார்க்கலாம். தண்ணீரை எட்டுத் துண்டாக வெட்டுங்கள். மேடையின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒட்டி x நீளமும் 3 அகலமும் உள்ள ஒரு பட்டை, அப்படி நான்கு: 4 × 3x = 12x. நான்கு மூலையிலும் 3-க்கு 3 சதுரம்: 4 × 9 = 36. மேடை பெரிதானால் பட்டைகள் நீளும், அகலம் மாறாது, மூலைகள் அசையவே அசையாது. x² சதுர மீட்டர் மேடைக்குள் போய்விட்டது, தண்ணீரில் அது இல்லை. சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டியபோது ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்குக் கொடுத்த இன்னொன்று (x + 3)² − (x − 3)². இதில் x²-ம் போய்விடும், 9-ம் போய்விடும், மிச்சம் 12x மட்டும். ஒருபடி, ஓருறுப்பு. இங்கே எண்ணுகிற வழி, படி பார்க்கிற வழி இரண்டுமே தோற்கும்.

என் வழிக்கும் ஒரு பள்ளம் உண்டு, அதை அக்காதான் காட்டினார். x + 1/x − 1/x என்று எழுதி, "சுருக்கு, வகைப்படுத்து" என்றார். என் மாணவன் அவசரமாகச் சுருக்கி, x, ஒருபடி ஓருறுப்பு என்று எழுதினான். ஆனால் கொடுத்த கோவையில் x = 0 போட்டுப் பார்க்கவே முடியாது, 1/x என்பது x⁻¹, அடுக்கு கழித்தலில் இருக்கிறது. பல்லுறுப்புக் கோவையில் மாறியின் அடுக்கு 0, 1, 2, 3 என்று முழு எண்களாக மட்டுமே வரலாம். ஆகவே அது பல்லுறுப்புக் கோவையே அல்ல. சுருக்குகிற அவசரத்தில் அந்த உறுத்தல் மறைந்துவிட்டது. அன்றிலிருந்து சுருக்குவதற்கு முன்னால் ஒரு வேலையைச் சேர்த்துக்கொண்டேன்: ஒவ்வோர் உறுப்பாக விரலை வைத்து, மாறி கீழே வகுத்தலில் நிற்கிறதா, மூலக்குறிக்குள் நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பது. √3x² + x என்று எழுதி, மூலக்குறி 3-ஓடு நின்றுவிட்டால் பரவாயில்லை, அது கெழு. √x என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், வகைப்படுத்தவே தேவையில்லை. நோட்டில் மூலக்குறியின் கோடு எதுவரை நீள்கிறது என்பதைப் பிள்ளைகள் கவனமில்லாமல் எழுதுவதால் இதில் பாதித் தகராறு கையெழுத்துத் தகராறுதான்.

திட்ட வடிவத்திலேயே இன்னொரு தேர்வும் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலப் பாடப்புத்தகம் ஒன்பதாம் வகுப்பில் ஏறுவரிசை, இறங்குவரிசை இரண்டையுமே திட்ட வடிவம் என்று ஏற்கிறது. வேறு பல புத்தகங்களில் இறங்குவரிசை மட்டும்தான். −3 + 6x + 2x² என்று எழுதினாலும் நம் தேர்வில் தப்பில்லை. நான் இறங்குவரிசையையே பழக்குகிறேன்: படி முதலிலேயே தெரியும், வகுத்தல் கணக்கு அந்த வரிசையில்தான் தொடங்கும், எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் செல்லும். ஏறுவதாக இருந்தாலும் இறங்குவதாக இருந்தாலும், பாதியில் திசை மாறக் கூடாது.

இப்போது எங்கள் ஏற்பாடு இப்படி இருக்கிறது. ஏழாம் வகுப்பில் அக்கா எண்ணிக்கையிலேயே தொடங்குகிறார், ஒத்த உறுப்பு உள்ள கணக்கு வந்த அன்றைக்கு வட்டமும் சதுரமும் போட வைக்கிறார். என்னிடம் வரும்போது விரல் வைத்துப் பார்ப்பது, பெட்டி, அப்புறம் பெயர்.

போன வாரம் மின்சாரம் போன நேரத்தில், எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் அக்கா என் போர்டில் ஒன்றை எழுதினார்: (x + 1)² − x² − 2x − 1. "எங்கே, உன் பெட்டியில போடு பார்ப்போம்." கடைசி வரிசைப் பெண்தான் எழுந்து வந்தாள். x² பெட்டியில் 1-ம் −1-ம், x பெட்டியில் 2-ம் −2-ம், மாறிலியில் 1-ம் −1-ம். கீழே 0, 0, 0.

"படி பூச்சியம் சார்" என்றான் முன்வரிசைப் பையன்.

"7-க்குப் படி என்ன?" என்று கேட்டேன்.

"அதுக்கும் பூச்சியம்தான். 7x⁰."

"அதுல மாறிலிப் பெட்டியில 7 இருக்கு. இதுல எந்தப் பெட்டியில என்ன இருக்கு?"

அவன் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பெண் சாக்பீஸை எடுத்து, இடது பக்கம் இன்னும் இரண்டு பெட்டி சேர்த்து அவற்றிலும் 0, 0 என்று எழுதினாள். "இதை 0x⁴-ன்னும் எழுதலாம், 0x¹⁰⁰-ன்னும் எழுதலாம் சார். எந்தப் பெட்டியை முதல்ன்னு சொல்றது?" சொல்ல முடியாது. 0 என்ற பூச்சியப் பல்லுறுப்புக் கோவைக்கு மட்டும் படி வரையறுக்கப்படவில்லை என்று புத்தகத்தில் ஒற்றை வரியாக இருப்பது இதனால்தான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஏழாம் வகுப்பு நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் கடைசிப் பக்கத்தில் பெட்டி போட ஆரம்பித்தார்.